"புரிந்துகொள்வர்" என்று எழுதிய கற்றல் விளைவுகளை அளக்கக்கூடிய வினைகளாக மாற்றுவது எப்படி? (அறிமுகப் புள்ளியியல் பாடம்)

சுண்ணக்கட்டி

அறிமுகப் புள்ளியியல், ஒரு பருவப் பாடம். பாடத்திட்டத்தில் இப்போது இருக்கும் கற்றல் விளைவுகள் இவைதான்:

1. விவரணப் புள்ளியியலின் அடிப்படைகளை அறிந்துகொள்வர்.
2. நிகழ்தகவுக் கருத்துகளைப் புரிந்துகொள்வர்.
3. கருதுகோள் சோதனையைப் புரிந்துகொள்வர்.
4. புள்ளியியல் மென்பொருளில் பரிச்சயம் பெறுவர்.
5. அன்றாட வாழ்வில் புள்ளியியலின் முக்கியத்துவத்தை உணர்வர்.

"அளக்கக்கூடிய வினைச்சொற்களைப் பயன்படுத்தி மாற்றவும்" என்று ஒரே வரி எழுதிப் பாடத்திட்டக் குழு திருப்பி அனுப்பியிருக்கிறது. மாணவர்கள் முதலாண்டு, பள்ளிக் கணிதம் தாண்டி எதுவும் தெரியாது. எழுத்துத் தேர்வு ஒன்று, கணினி ஆய்வக ஒப்படைப்புகள் இரண்டு. பாடத்தின் உள்ளடக்கம் மாறாது, இந்த ஐந்து வரிகள் மட்டும்தான் மாற வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

மதிப்பெண்மாலா

இதுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் சார். புளூம் வகைப்பாட்டு வினைப் பட்டியல் எல்லார்கிட்டயும் இருக்கும். பட்டியலிடுவர், வரையறுப்பர் எல்லாம் கீழ்ப்படி. கணக்கிடுவர், பயன்படுத்துவர் நடுப்படி. பகுப்பாய்வர், மதிப்பிடுவர், வடிவமைப்பர் மேல்படி. "அறிந்துகொள்வர்" இருக்கும் இடத்தில் "வரையறுப்பர்", "புரிந்துகொள்வர்" இருக்கும் இடத்தில் "விளக்குவர்" என்று போடுங்க. 3க்கு "கருதுகோள் சோதனையைப் பகுப்பாய்வர்" என்று போட்டால் குழுவுக்கு இன்னும் பிடிக்கும். அரை மணி நேர வேலை.

அடிக்கோடு

மாலா மேடம் சொல்வதில் பாதி சரி. வினை மாறத்தான் வேண்டும். ஆனால் வினையை மட்டும் மாற்றினால் வாக்கியம்தான் மாறும், அளப்பது மாறாது. "கருதுகோள் சோதனையைப் பகுப்பாய்வர்" என்றால் மாணவர் மேசையில் உட்கார்ந்து என்ன செய்வார்? கருதுகோள் சோதனை என்பதே ஒரு பகுப்பாய்வு முறை. அதைப் பகுப்பாய்வது அவர் வேலை இல்லை, அதைக் கொண்டு தரவைப் பகுப்பாய்வதுதான் வேலை. பட்டியலிலிருந்து வினையைப் பிடுங்கி நடும்போது இப்படித்தான் வினையும் செயப்படுபொருளும் ஒட்டாமல் நிற்கும்.

பட்டியலை மூடி வைத்துவிட்டு மூன்றாவது விளைவை எடுத்துக்கொள்வோம். கேட்க வேண்டிய கேள்வி இது: கருதுகோள் சோதனை புரிந்த மாணவர் ஒருவர், புரியாத மாணவர் ஒருவர். இருவர் கையிலும் ஒரே தாளைக் கொடுத்தால், முதல்வர் செய்து இரண்டாமவர் செய்ய முடியாதது எது?

யோசித்தால் நாலு விஷயம் வரும். எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை என்று தேர்ந்தெடுப்பது. சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுப்பது. வந்த விடைக்குப் பொருள் சொல்வது. அடுத்தவர் சொன்ன தவறான பொருளைக் கண்டுபிடிப்பது. இந்த நாலும் ஒன்றல்ல. இரண்டாவதை மென்பொருளே செய்துவிடும். மூன்றாவதிலும் நாலாவதிலும்தான் புரிதல் இருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியும். உங்கள் பாடத்தில் எதற்கு அதிக வகுப்பு நேரம் போகிறதோ அதை விளைவாக எழுதுங்கள்.

கரும்பலகை_ராஜன்

நான் எழுதிப் பார்த்தேன்: "கருதுகோள் சோதனையை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துதல், அதன் படிகளை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குதல்." இதில் "விளக்குதல்" அளக்கக்கூடியதுதானே?

அடிக்கோடு

அதில் விளக்குவது யார், ராஜன் சார்? ஆசிரியர். நீங்கள் எழுதியிருப்பது பாடத்தின் நோக்கம். அது பாட அறிமுகப் பத்தியில் இருக்கலாம். ஆசிரியர் அருமையாக விளக்கி, ஒரு மாணவருக்கும் எதுவும் ஏறாமல் போனாலும் அந்த வரி நிறைவேறிவிடும். விளைவு வரியில் எழுவாய் மாணவராகவே இருக்க வேண்டும், "இந்தப் பாடத்தை முடிக்கும்போது மாணவர்…" என்று.

சுண்ணக்கட்டி

எங்கள் பாடத்தில் அதிக நேரம் போவது மூன்றாவதற்குத்தான், அதாவது p மதிப்புக்குப் பொருள் சொல்வதற்கு. அப்படியானால் "p மதிப்பின் பொருளை விளக்குவர்" என்று எழுதினால் போதுமா?

அடிக்கோடு

பாதி தூரம் வந்துவிட்டது. இதை அப்படியே தேர்வில் கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். "p மதிப்பு என்றால் என்ன? விளக்குக." வரையறையை மனப்பாடம் செய்தவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். "விளக்குவர்" என்ற வினை பட்டியலில் இரண்டாம் படியில் இருக்கலாம். அந்த மாணவர் செய்தது முதல் படி வேலை, நினைவிலிருந்து எடுத்து எழுதியது. படியைத் தீர்மானிப்பது வினை மட்டும் இல்லை. எந்தப் பொருளைக் கையில் கொடுக்கிறோம், அதை அவர் முன்பே பார்த்திருக்கிறாரா என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ராபர்ட் மேகர் 1962இல் ஒரு கற்றல் குறிக்கோளுக்கு மூன்று உறுப்பு சொன்னார்: செயல், சூழல், தரம். எல்லாரும் செயலைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். சூழலைச் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

"வகுப்பில் பார்க்காத ஓர் ஆய்வின் மென்பொருள் முடிவு தரப்படும்போது, அதிலுள்ள p மதிப்பு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதைப் புள்ளியியல் படிக்காத ஒருவருக்கு எழுத்தில் விளக்குவர்."

அதே "விளக்குவர்" தான். ஆனால் "வகுப்பில் பார்க்காத" என்ற சொற்கள் மனப்பாடத்தை வெளியே தள்ளிவிட்டன. "எதைக் காட்டவில்லை" என்பது மாணவர்கள் வழக்கமாக விழும் குழியைக் குறிவைக்கிறது. "புள்ளியியல் படிக்காத ஒருவருக்கு" என்பதால் கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிய முடியாது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு. உடனே ஒரு தேர்வுக் கேள்வி எழுதி, மூன்று விதமான மாணவர் விடைகளையும் நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு மாதிரி:

கேள்வி: இரண்டு கற்பித்தல் முறைகள், ஒவ்வொன்றிலும் 400 மாணவர்கள். 100 மதிப்பெண் தேர்வில் சராசரி வேறுபாடு 1.2 மதிப்பெண், இரு குழுவிலும் திட்டவிலக்கம் 8, t சோதனையில் p = 0.034. "புதிய முறை சிறந்தது என்று நிரூபணமாகிவிட்டது, உடனே மாற்றுவோம்" என்கிறார் தலைமை ஆசிரியர். அவருக்கு ஐந்து வாக்கியத்தில் பதில் எழுதுக.

முதல் விடை: "p மதிப்பு 0.05ஐ விடக் குறைவு. ஆகவே வேறுபாடு இல்லை என்ற கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது." தப்பே இல்லை. ஆனால் இது விதியை ஒப்பித்தது; தலைமை ஆசிரியருக்குப் பதில் கிடைக்கவில்லை.

இரண்டாம் விடை: "இரண்டு முறையும் சமமாக இருப்பதற்கான வாய்ப்பு 3.4% தான்." இது தவறு. p மதிப்பு கருதுகோளின் நிகழ்தகவு அல்ல. நிறைய பேர் விழுவது இங்கேதான்.

மூன்றாம் விடை: "இரண்டு முறைக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வர 3.4% வாய்ப்புதான் உண்டு. ஆகவே ஏதோ வேறுபாடு இருக்கிறது என்று கருத ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த வேறுபாடு 100க்கு 1.2 மதிப்பெண்தான். முறையை மாற்றும் செலவுக்கு அது ஈடாகுமா என்பதை p மதிப்பு சொல்லாது."

"விளக்குவர்" என்ற மொட்டை வரியை வைத்துக்கொண்டு முதல் விடைக்கும் மூன்றாம் விடைக்கும் வேறு வேறு மதிப்பெண் போட உங்களிடம் நியாயம் இருக்காது. புதிய வரியில் அந்த நியாயம் எழுத்திலேயே இருக்கிறது. விளைவு எழுதியது சரியா என்று இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

ஓரக்குறிப்பு

இந்த இழை முழுக்கப் படித்தேன். ஒரு மறுப்பு. "புரிந்துகொள்வர்" என்பதைத் தீண்டத்தகாத சொல் மாதிரி விரட்டுகிறோம். 2001இல் திருத்தப்பட்ட புளூம் வகைப்பாட்டில் இரண்டாம் படியின் பெயரே "புரிந்துகொள்ளுதல்" தான். அதை எழுதியவர்களுக்கே பிரச்சினை இல்லை, குழுக்களுக்கு மட்டும் ஏன்? இன்னொன்று: அளக்க முடிவதை மட்டும் எழுதச் சொன்னால், நாளடைவில் அளக்க எளிதானதை மட்டுமே கற்பிப்போம்.

அடிக்கோடு

நல்ல கேள்வி. 1956 பட்டியலில் பெயர்ச்சொற்களாக இருந்த படிகளை 2001இல் வினைகளாக மாற்றினார்கள், அதில் "புரிந்துகொள்ளுதல்" வந்தது உண்மை. ஆனால் அது படியின் பெயர். அலமாரியில் ஒட்டிய சீட்டு மாதிரி. அந்தப் படிக்குள் ஏழு செயல்களைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள்: வேறு வடிவில் சொல்லுதல், எடுத்துக்காட்டு தருதல், வகைப்படுத்துதல், சுருக்குதல், உய்த்துணர்தல், ஒப்பிடுதல், காரணம் விளக்குதல். "புரிந்துகொள்வர்" என்று விட்டால் இந்த ஏழில் எது என்று படிப்பவருக்குத் தெரியாது. நீங்கள் ஒப்பிடுதலை நினைத்து எழுதியிருப்பீர்கள். அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுப்பவர் சுருக்குதல் என்று நினைத்துக் கேள்வி எடுப்பார்.

சுண்ணக்கட்டியின் 2வது விளைவுக்கு இந்த ஏழே நேராக உதவும். நிகழ்தகவில் மாணவர்கள் தடுமாறுவது நிபந்தனை நிகழ்தகவில். "நோய் உள்ளவருக்குச் சோதனை நேர்மறையாக வரும் வாய்ப்பு" வேறு, "நேர்மறையாக வந்தவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு" வேறு. ஆகவே செயல் ஒப்பிடுதல்: "ஒரே சூழலில் எழுதப்பட்ட இரண்டு நிபந்தனை நிகழ்தகவுகளை 2×2 அட்டவணையிலிருந்து கணக்கிட்டு, அவை ஏன் சமமல்ல என்று ஒப்பிட்டுக் காட்டுவர்."

உங்கள் இரண்டாவது கவலை நியாயமானதுதான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

மதிப்பெண்மாலா

ஒரு நிமிஷம். "கணக்கிட்டு… ஒப்பிட்டுக் காட்டுவர்" என்று ஒரே விளைவில் இரண்டு வினை போட்டிருக்கீங்க. இரண்டு வினை கூடாது என்பதுதானே விதி? ஒருவர் கணக்கிட்டுவிட்டு ஒப்பிடாமல் விட்டால் விளைவு நிறைவேறியதா இல்லையா?

அடிக்கோடு

பிடித்துவிட்டீர்கள். சரியான இடம்தான். இரண்டும் ஒரே வேலையின் முன்பாதி பின்பாதியாக இருந்தால் நான் விடுவேன். கணக்கிடாமல் ஒப்பிட முடியாது, ஆகவே மதிப்பிடப்படுவது ஒப்பீடுதான். தனித்தனி வேலைகளாக இருந்தால் பிரிக்க வேண்டும். "விவரணப் புள்ளியியலை வரையறுத்து, தரவை மதிப்பிட்டு, ஆய்வை வடிவமைப்பர்" மாதிரி வருமே, அதுதான் ஆபத்து. மூன்று படி வேலை ஒரு வரியில் கிடக்கும், தேர்வில் வருவது வரையறை மட்டும். சந்தேகம் இருந்தால் "கணக்கிட்டு" என்பதை எடுத்துவிட்டு "2×2 அட்டவணை தரப்படும்போது" என்று சூழலுக்குத் தள்ளிவிடுங்கள்.

நாடித்துடிப்பு

எங்கள் செவிலியர் பயிற்சிப் பாடத்துக்கும் இதே பிரச்சினை. "மருந்தளவுக் கணக்கைப் புரிந்துகொள்வர்" என்று இருக்கிறது. அதை "மருத்துவர் எழுதிய அளவும் குப்பியின் லேபிளும் தரப்படும்போது, ஏற்ற வேண்டிய மில்லிலிட்டரைக் கணக்கிடுவர்" என்று மாற்றலாம் என்று நினைக்கிறோம். 250 மி.கி. கொடுக்கச் சொல்லியிருக்கிறது, குப்பியில் 5 மி.லி.யில் 500 மி.கி. என்றால் 2.5 மி.லி. இந்த மாதிரி. கேள்வி என்னவென்றால், தரம் எவ்வளவு என்று போடுவது? "80% சரியாக" என்று மாதிரிகளில் பார்க்கிறோம். பத்தில் இரண்டு மருந்தளவு தப்பினால் பரவாயில்லை என்று எழுத்தில் கொடுப்பது சரியாகப் படவில்லை.

அடிக்கோடு

உங்கள் இடத்தில் 80% என்று எழுதவே கூடாது. "ஒவ்வொரு கணக்கிலும் பிழையின்றி" என்றே எழுதுங்கள். தேறாதவருக்கு மறுவாய்ப்பு உண்டா என்பது தேர்வு விதியில் வரட்டும். சரி, தவறு என்று இரண்டே நிலை உள்ள, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்குத் தர எண் நன்றாகப் பொருந்தும்.

சுண்ணக்கட்டியின் p மதிப்பு விளைவுக்கு நான் எண் போட மாட்டேன். "80% சரியாக விளக்குவர்" என்றால் எதில் 80%? ஐந்து வாக்கியத்தில் நாலா? அங்கே தரம் ரூப்ரிக்கில் இருக்கட்டும்: நிபந்தனையைச் சொன்னாரா, கருதுகோளின் நிகழ்தகவு என்று தவறாகச் சொல்லாமல் இருந்தாரா, வேறுபாட்டின் அளவைத் தனியாகப் பேசினாரா.

ஓரக்குறிப்பு

இதில் உடன்பாடு இல்லை. ரூப்ரிக்கை ஆசிரியர் நினைத்தபோது மாற்றலாம். பாடத்திட்டம்தான் மாணவர் கையில் இருக்கும் ஒப்பந்தம். "போதிய அளவு" என்ன என்பது அதில் இல்லையென்றால் மாணவர் எதைக் காட்டி முறையிடுவார்? குறைந்தது அந்த மூன்று புள்ளிகளாவது பாடத்திட்டத்தோடு இணைப்பாக வர வேண்டும்.

நாடித்துடிப்பு

எங்களுக்கு இணைப்பு என்றாலே மறுபடியும் குழு ஒப்புதல். ஒவ்வொரு ரூப்ரிக் திருத்தத்துக்கும் ஒரு கூட்டம் என்றால் யாரும் ரூப்ரிக்கைத் திருத்தவே மாட்டார்கள்.

சுண்ணக்கட்டி

4க்கும் 5க்கும் வருகிறேன். "பரிச்சயம் பெறுவர்" என்பதைப் "பயன்படுத்துவர்" என்று மாற்றினால் போதுமா? 5வது வரியை என்ன செய்வதென்றே தெரியவில்லை. "உணர்வர்" என்பதை எப்படி அளப்பது?

அடிக்கோடு

"மென்பொருளைப் பயன்படுத்துவர்" என்பதும் மங்கல்தான். திறந்து மூடினாலும் பயன்படுத்தியதுதான். ஆய்வக ஒப்படைப்பில் அவர் எதைச் சமர்ப்பிக்கிறார் என்று பார்த்து அந்தப் பொருளை எழுதுங்கள்: "சீர்செய்யப்படாத ஒரு CSV கோப்பை ஏற்றி, விடுபட்ட மதிப்புகளையும் பொருந்தாத மதிப்புகளையும் கண்டறிந்து, ஒவ்வொன்றையும் என்ன செய்தார் என்பதற்குக் காரணத்தோடு ஒரு பக்கக் குறிப்பு சமர்ப்பிப்பர்." வயது 210 என்று இருக்கும் ஒரு வரியை அழித்தாரா, திருத்தினாரா, ஏன் என்பது அந்தக் குறிப்பில் தெரிந்துவிடும்.

5வதை விளைவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முக்கியத்துவத்தை உணர்ந்தாரா என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் எழுதுவார்கள், மதிப்பெண் உண்டு என்றால் இன்னும் உருக்கமாக எழுதுவார்கள். அந்த வரி பாட அறிமுகப் பத்திக்குப் போகட்டும். அதற்குப் பின்னால் நீங்கள் உண்மையில் எதிர்பார்ப்பது, செய்தியில் வரும் எண்ணைக் கண்ணை மூடி நம்பாமல் இருப்பது என்றால், அதை எழுதலாம்: "செய்தி ஒன்றில் வரும் புள்ளிவிவரக் கூற்றில், அதை மதிப்பிடத் தேவையான எந்தத் தகவல் இல்லை என்று குறிப்பிடுவர்." மாதிரியின் அளவு, எதன் சதவீதம், எதோடு ஒப்பிட்டது, யாரைக் கேட்டார்கள். இது தேர்வில் பத்து நிமிடக் கேள்வி.

கரும்பலகை_ராஜன்

இந்த முறையில் நான் எங்கள் பாடத்துக்கு எழுதிப் பார்த்தேன், 23 விளைவு வந்தது. எல்லாமே தெளிவாக இருக்கிறது.

அடிக்கோடு

23 என்றால் நீங்கள் வாராந்தர வகுப்புத் திட்டத்தை எழுதியிருக்கிறீர்கள், சார். "சராசரியைக் கணக்கிடுவர்", "இடைநிலையைக் கணக்கிடுவர்" என்று தனித்தனி வரிகள் இருக்கும், சரியா? அவை ஒரு வகுப்புக்கான விளைவுகள். பாட அளவில் நாலு முதல் ஆறு போதும். கீழ் வரிகளைச் சேர்த்து, "சாய்ந்த பரவலுள்ள தரவு தரப்படும்போது, சராசரி, இடைநிலை இரண்டில் எதைச் சொல்வது பொருத்தம் என்று காரணத்தோடு தேர்ந்தெடுப்பர்" என்று ஒன்றாக்கலாம். கணக்கிடத் தெரியாதவர் இதைச் செய்ய முடியாது, ஆகவே கீழ் வரிகள் தானாக உள்ளே வந்துவிடும். சுண்ணக்கட்டி, இதை உங்கள் முதல் விளைவாகவும் வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணக்கட்டி

அனுப்பப்போகும் வடிவம். கடைசியாக ஒருமுறை பாருங்கள்:

1. சாய்ந்த பரவலுள்ள தரவு தரப்படும்போது, மையத்தைக் காட்டப் பொருத்தமான அளவையைக் காரணத்தோடு தேர்ந்தெடுப்பர். (எழுத்துத் தேர்வு)
2. 2×2 அட்டவணை தரப்படும்போது, இரண்டு நிபந்தனை நிகழ்தகவுகள் ஏன் சமமல்ல என்று ஒப்பிட்டுக் காட்டுவர். (எழுத்துத் தேர்வு)
3. வகுப்பில் பார்க்காத ஓர் ஆய்வின் மென்பொருள் முடிவிலுள்ள p மதிப்பு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதைப் புள்ளியியல் படிக்காதவருக்கு எழுத்தில் விளக்குவர். (ஒப்படைப்பு 2, எழுத்துத் தேர்வு)
4. சீர்செய்யப்படாத CSV கோப்பில் விடுபட்ட, பொருந்தாத மதிப்புகளைக் கண்டறிந்து, கையாண்ட விதத்தைக் காரணத்தோடு ஆவணப்படுத்துவர். (ஒப்படைப்பு 1)
5. செய்தியில் வரும் புள்ளிவிவரக் கூற்றை மதிப்பிடத் தேவையான, ஆனால் தரப்படாத தகவல்களைக் குறிப்பிடுவர். (எழுத்துத் தேர்வு)

மதிப்பெண்மாலா

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மதிப்பீட்டைப் போட்டது நல்ல வேலை. ஆனால் எழுத்துத் தேர்வு முழுக்கக் கொள்குறி வினாவாக இருந்தால் 2, 3 இரண்டும் கோவிந்தா. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் "எழுத்தில் விளக்கினார்" என்று சொல்ல முடியாது. தேர்வு வடிவம் என்ன?

சுண்ணக்கட்டி

பாதி கொள்குறி, பாதி சிறுவினா. இந்த இரண்டையும் சிறுவினாப் பகுதியில் வைக்கிறேன். 120 பேர் விடைத்தாள் திருத்த வேண்டும் என்பதுதான் யோசனை.

அடிக்கோடு

அப்படியானால் 3ஐத் தேர்விலிருந்து எடுத்து ஒப்படைப்பு 2இல் மட்டும் வையுங்கள். ஒரு விளைவை ஒரு இடத்தில் ஒழுங்காக அளந்தால் போதும். ஒப்படைப்பை வீட்டில் எழுதவிடாமல் ஆய்வக நேரத்திலேயே எழுத வைத்தால், யார் எழுதியது என்ற சந்தேகமும் இருக்காது.

ஓரக்குறிப்பு

எனக்கு 5இல் இன்னும் நெருடல். "தரப்படாத தகவல்களைக் குறிப்பிடுவர்" என்றால் "மாதிரி அளவு, ஒப்பீடு, யாரைக் கேட்டார்கள்" என்று எந்தச் செய்திக்கும் ஒரே பட்டியலை ஒப்பித்துவிடுவார்களே. அடிக்கோடு 3க்குச் சொன்ன அதே மனப்பாடப் பிரச்சினை இங்கே பின்வாசல் வழியாக வருகிறது.

நாடித்துடிப்பு

"அந்தத் தகவல் கிடைத்தால் கூற்று எப்படி மாறும் என்று ஓர் எடுத்துக்காட்டோடு" என்று சேர்த்தால்? மாதிரியில் 12 பேர்தான் என்று தெரிந்தால் என்ன, 12,000 என்றால் என்ன என்று எழுத வேண்டி வரும்.

சுண்ணக்கட்டி

சேர்த்துவிட்டேன். வரி நீளமாகிவிட்டது, குழு என்ன சொல்லுமோ பார்ப்போம். 4இல் எந்த மென்பொருள் என்று பெயர் போடவா?

மதிப்பெண்மாலா

போடாதீங்க. ஆய்வகத்தில் மென்பொருளை மாற்றினால் அந்த ஒரு பெயருக்காகத் திரும்பவும் குழுவுக்குப் போகணும்.